தேக்குக் கட்டிலுக்கு 10 கன அடி மரம் ஆகுமா? கணக்கை எங்கே பிடிப்பது

கேள்வி: 6½ அடிக்கு 5 அடி மெத்தை போடுகிற மாதிரி தேக்கில் ஒரு கட்டில் செய்யக் கேட்டேன். பெட்டி, டிராயர் எதுவும் வேண்டாம், சாதாரணக் கட்டில்தான். ஆசாரி 10 கன அடி மரம் பிடிக்கும், கன அடி 3,600 ரூபாய், கூலி 16,000, மொத்தம் 52,000 என்கிறார். இது சரியான கணக்கா? கன அடியை நாமே எப்படிப் போட்டுப் பார்ப்பது?

பதில்:

கூலியைப் பிறகு பார்க்கலாம், அதில் பெரிய தவறு இருப்பதாகத் தெரியவில்லை. இடிக்கிற எண் அந்தப் 10 கன அடிதான். நீங்கள் சொல்லும் கட்டிலுக்கு அறுத்த மரமாக வாங்கினால் 6 கன அடிக்குள் முடிந்துவிடும். ஆனால் 10 என்று சொன்னதாலேயே அவர் ஏமாற்றுகிறார் என்றும் முடிவுகட்ட வேண்டாம். 10 என்ற எண்ணும் சரியாக இருக்க ஒரு வழி உண்டு. அப்போது 3,600 என்ற விலைதான் தவறாகிவிடும். இது எப்படி என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

முதலில் சூத்திரம். அறுத்த மரத்துக்கு நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144 ஆல் வகுக்க வேண்டும்.

கன அடி = நீளம் (அடி) × அகலம் (அங்குலம்) × கனம் (அங்குலம்) ÷ 144

மரக்கடையில் எல்லோரும் போடுவது இதைத்தான். மூன்றையும் அங்குலத்தில் எடுத்தால் 1728 ஆல் வகுக்க வேண்டும். நீளத்தையும் அங்குலத்தில் எடுத்துவிட்டு 144 ஆல் வகுத்தால் விடை பன்னிரண்டு மடங்காக வரும். அது உடனே கண்ணில் பட்டுவிடும் என்பதால் பயமில்லை. கண்ணில் படாத தவறுகள்தான் பணத்தைத் தின்பவை.

இனி உங்கள் கட்டிலைத் துண்டு துண்டாகப் பிரிப்போம். மெத்தை 78 அங்குலம் நீளம், 60 அங்குலம் அகலம். (மெத்தையை வாங்கிவிட்டீர்களானால் டேப் வைத்து அளந்துவிடுங்கள். 72, 75, 78 என்று மூன்று நீளத்திலும் கடையில் இருக்கிறது. கட்டில் செய்தபிறகு மூன்று அங்குலம் இடித்தால் ஒன்றும் செய்ய முடியாது.) கீழே இருப்பது இழைப்பதற்கு முன் உள்ள அளவு, அதாவது கடையில் பில் போடுகிற அளவு.

தலைமாட்டுக் கால் 2: 3 × 3 அங்குலம், 3½ அடி. இரண்டும் சேர்ந்து 0.44
கால்மாட்டுக் கால் 2: 3 × 3, 2 அடி. 0.25
பக்கத்து நீளச் சட்டம் 2: 6 × 1½, 6¾ அடி. 0.84
தலைமாட்டு மேல் சட்டம் 1: 4 × 1½, 5½ அடி. 0.23
தலைமாட்டுக் கீழ்ச் சட்டம் 1: 6 × 1½, 5½ அடி. 0.34
தலைமாட்டு நிற்கும் பட்டை 7: 4 × 1, 2 அடி. 0.39
கால்மாட்டுக் கீழ்ச் சட்டம் 1: 6 × 1½, 5½ அடி. 0.34
கால்மாட்டு மேல் சட்டம் 1: 3 × 1½, 5½ அடி. 0.17
நடுத்தாங்கி 1: 4 × 2, 6¾ அடி. அதற்கு நடுக்கால் 1: 3 × 3, 1 அடி. இரண்டும் 0.44
பக்கச் சட்டத்தின் உள்பக்கம் அடிக்கிற ரீப்பர் 2: 1½ × 1½, 6¾ அடி. 0.21
மெத்தை தாங்கும் குறுக்குப் பட்டை 13: 3 × 1, 5¼ அடி. 1.42

மொத்தம் 5.08 கன அடி.

ஒன்றை மட்டும் கையால் போட்டுப் பாருங்கள், மற்றதெல்லாம் அதே மாதிரிதான். பக்கத்து நீளச் சட்டம்: 6¾ × 6 × 1½ = 60.75. அதை 144 ஆல் வகுத்தால் 0.42. இரண்டு சட்டம் என்பதால் 0.84. மெத்தை 78 அங்குலம்தானே, சட்டம் ஏன் 6¾ அடி, அதாவது 81 அங்குலம் என்று கேட்கலாம். மெத்தை தாராளமாக இறங்க அரை அங்குலம் விட வேண்டும். இரண்டு முனையிலும் காலுக்குள் நுழைய ஓர் அங்குலம் கழுந்து வேண்டும். ஆக 80½. மீதி அரை அங்குலம் முனை சமப்படுத்தப் போய்விடும்.

13 குறுக்குப் பட்டை போட்டால் பட்டைக்குப் பட்டை சுமார் 3½ அங்குலம் இடைவெளி வரும். இலவம்பஞ்சு மெத்தைக்கும் ஃபோம் மெத்தைக்கும் இது போதும். இதைவிட அகலமாக விட்டால் ஃபோம் இடுக்கில் இறங்கி மெத்தை பள்ளம் விழும். ஐந்தாறு பட்டையை ஆசாரி குறைத்து மரம் மிச்சம் பிடித்தார் என்றால் அது கட்டிலில் தெரியாது, ஒரு வருடம் கழித்து மெத்தையில் தெரியும்.

5.08 என்பது துண்டுகளின் கணக்கு. கடையில் அப்படியே அந்த நீளத்தில் கிடைக்காது. 5½ அடிச் சட்டத்துக்கு 6 அடி மரம் எடுக்க நேரும். ஒரு பலகையில் கணு வரும், ஒன்றில் முனை வெடித்திருக்கும், ஓரத்தில் வெள்ளை இருக்கும். இதற்கு நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை சேர்த்துக்கொள்வது நியாயம். அப்படிச் சேர்த்தால் 5.6 முதல் 5.85 வரை வரும். நாம் 5¾ என்று வைத்துக்கொள்வோம். இழைப்பில் போகிற மரத்துக்குத் தனியாக எதுவும் சேர்க்க வேண்டாம். 3 × 3 என்று பில் போட்ட கால் இழைத்தபின் 2¾ × 2¾ ஆகத்தான் நிற்கும், அந்த நட்டம் ஏற்கெனவே 3 × 3 என்ற கணக்குக்குள் இருக்கிறது. 'இழைப்பு வேஸ்ட்' என்று ஒருவர் மேலும் இருபது சதவீதம் கேட்டால் ஒரே நட்டத்துக்கு இரண்டு தடவை கொடுக்கிறீர்கள்.

சரி, அப்படியானால் 10 எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் தடியிலிருந்து. அறுக்காத உருட்டு மரத்தை வாங்கி, மில்லில் கொடுத்து அறுத்து, அதில் கட்டில் செய்யும் பழக்கம் நம் ஊர்களில் நிறைய உண்டு. தடிக்குக் கணக்கு வேறு. தடியின் நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நான்கால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் (அடி) பெருக்கி, 144 ஆல் வகுப்பார்கள். 40 அங்குலச் சுற்றளவும் 7 அடி நீளமும் உள்ள தடி என்றால், 40 ஐ நான்கால் வகுக்க 10. பத்துப் பத்து நூறு. நூறு ஏழு எழுநூறு. அதை 144 ஆல் வகுத்தால் 4.86 கன அடி. இதேபோல் இரண்டு தடி வாங்கினால் 9.72. ஏறக்குறைய உங்கள் ஆசாரி சொன்ன 10.

இந்தக் கால்பங்குச் சுற்றளவுக் கணக்கு வட்டத்தின் உண்மையான அளவைவிடக் குறைவாகத்தான் காட்டும். அந்தத் தடியின் உண்மையான கன அளவு 6.2 கன அடிக்குச் சற்றுக் கீழே. அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குமேல் கணக்கிலேயே கழித்துவிட்டுத்தான் விற்கிறார்கள். மேல்பட்டை, முதுகுச் சீவல் போவதற்கு அந்தக் கழிவு. அப்படியும் அந்த 4.86 முழுவதும் சட்டமாகக் கைக்கு வராது. வாளின் கனம் ஒவ்வொரு அறுப்பிலும் தூளாகப் போகிறது. மெல்லிய பட்டையாக அறுக்க அறுக்கத் தூள் அதிகம். கோணல் போகிறது. எல்லாவற்றையும்விட வெள்ளை போகிறது.

வெள்ளையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தடியின் வெட்டுமுனையைப் பார்த்தால் நடுவில் பொன்னிறமோ பழுப்போ கலந்த வைரமும், அதைச் சுற்றி வெளிறிய வளையமும் தெரியும். 40 அங்குலச் சுற்றளவுத் தடிக்குக் குறுக்களவு சுமார் 12¾ அங்குலம். வெள்ளை வளையம் ஓர் அங்குலம்தான் இருக்கிறது என்று வையுங்கள். வைரத்தின் குறுக்களவு 10¾. பரப்பாகக் கணக்கிட்டால் வைரம் நூற்றுக்கு 71 தான், 29 வெள்ளை. ஓர் அங்குலம் என்று கண்ணுக்குத் தோன்றுவது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மரம். தேக்கின் புகழெல்லாம் வைரத்துக்குத்தான். வெள்ளையைப் பூச்சி அரிக்கும். தோட்டத்தில் சீக்கிரம் வளர்த்து வெட்டிய இளந்தேக்கில் வளையம் இன்னும் தடிமனாக இருக்கும். அதனால்தான் அது விலை குறைவு. தடி வாங்கும்போது இரண்டு முனையையும் பாருங்கள். ஒரு முனையில் மண் பூசியோ பெயின்ட் அடித்தோ இருந்தால் சுரண்டிப் பாருங்கள். முனை வெடிக்காமலிருக்கப் பெயின்ட் அடிப்பது நியாயமான பழக்கமும்கூட, ஆனால் பார்க்காமல் விட வேண்டாம்.

எல்லாம் போக, தடிக் கணக்கில் வந்த கன அடியில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை நல்ல சட்டமாக எதிர்பார்க்கலாம். 9.72 இல் சுமார் அறுபது சதவீதம் வந்தால் 5.8. நமக்கு வேண்டிய 5¾ அதற்குள் அடங்கிவிடுகிறது.

ஆக ஒரே கட்டில், துண்டாக 5.08, அறுத்த மரமாக 5¾, தடியாக 9¾. மூன்றும் உண்மை. பிரச்சினை, தடியின் கன அடியை எடுத்து அறுத்த மரத்தின் விலையால் பெருக்கும்போது வருகிறது. அறுத்த மரத்தின் விலையில் தூள், வெள்ளை, முதுகுச் சீவல், அறுவைக் கூலி எல்லாம் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. தடிக் கணக்கில் மறுபடி அந்த நட்டத்தைச் சேர்த்தால் வாடிக்கையாளர் இரண்டு முறை சுமக்கிறார்.

எனவே ஆசாரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "அண்ணே, இந்தப் பத்து தடிக் கணக்கா, சைஸ் மரக் கணக்கா?" தடிக் கணக்கு என்றால் அடுத்த கேள்வி, 3,600 தடி விலையா என்பது. உங்கள் எண்களை வைத்தே எல்லையைப் போட்டுவிடலாம். அறுத்த மரம் 5¾ கன அடி × 3,600 = 20,700 ரூபாய். அதை 9.72 ஆல் வகுத்தால் 2,130. மில் அறுவைக் கூலியும் வண்டி வாடகையும் சேர்த்துத் தடி விலை கன அடிக்கு 2,130 ஐத் தாண்டினால் தடி வாங்குவதில் உங்களுக்கு லாபமே இல்லை. பேசாமல் அறுத்த மரம் வாங்கிவிடலாம். அதற்குக் கீழே கிடைத்தாலும் தடியில் ஒரு சூதாட்டம் இருக்கிறது. உள்ளே பொந்தோ வெடிப்போ இருந்தால் அறுத்தபிறகுதான் தெரியும், அந்த நட்டம் உங்களுடையது. ஒரே ஒரு கட்டிலுக்குத் தடி வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். வீடு கட்டி நிலை, கதவு, கட்டில் எல்லாம் ஒன்றாகச் செய்கிறவர்களுக்கு அது பொருந்தும். ஒரு வேலைக்கு ஆகாத துண்டு இன்னொன்றுக்கு ஆகும்.

வனத்துறை டிப்போ ஏலம் மாதிரி இடங்களில் கன மீட்டரில் விலை சொல்வார்கள். அதை 35.315 ஆல் வகுத்தால் கன அடி விலை வந்துவிடும்.

இன்னொரு வாய்ப்பு, ஆசாரி மனதில் வேறு கட்டில் இருப்பது. கால் 4 × 4, பக்கச் சட்டம் 8 × 2, தலைமாட்டில் பட்டைக்குப் பதில் முழுப் பலகை, அகலம் 6 அடி என்று எல்லாவற்றையும் கனமாக்கினால் துண்டுக் கணக்கு சுமார் 7¼ ஆகி, சேதாரத்தோடு 8¼ கன அடிக்குப் பக்கத்தில் வரும். அப்போதும் 10 வரவில்லை பாருங்கள். அறுத்த மரத்தில் 10 ஐத் தொட வேண்டுமென்றால் கீழே மரப்பெட்டி கட்ட வேண்டும். நீங்களோ பெட்டி வேண்டாம் என்கிறீர்கள்.

மரத்தின் எடையை வைத்தும் ஒரு குத்துமதிப்புப் போடலாம். காய்ந்த தேக்கு ஒரு கன அடி ஏறக்குறைய 18 கிலோ. நம் 5.08 இழைத்து முடித்தபின் 4 கன அடிக்குச் சற்றுக் குறைவாக நிற்கும், கட்டில் 70 கிலோ சுமார். இரண்டு பேர் பிரித்து மாடி ஏற்றிவிடலாம்.

இப்போது விலை. கன அடி விலை ஒரே மரத்துக்கும் ஒரே எண் அல்ல. நீளமும் அகலமும் கூடக் கூடக் கன அடி விலையும் ஏறும். 7 அடியில் கணு இல்லாத 6 அங்குலப் பலகை கேட்டால் ஒரு விலை, 2 அடி, 2½ அடித் துண்டு கேட்டால் அதைவிடக் குறைந்த விலை. நம் பட்டியலில் தலைமாட்டு நிற்கும் பட்டை ஏழும், கால்மாட்டுக் கால் இரண்டும், நடுக்காலும் 2 அடிக்குள் அடங்குகிறவை. இவை எல்லாம் துண்டு மரத்தில் எடுக்கலாம். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் இது கிடைக்கும். '10 கன அடி தேக்கு கொடுங்க' என்று போனால் எல்லாமே நீள மரத்தின் விலையில் வரும்.

அதைவிடப் பெரிய மிச்சம் மெத்தைக்கு அடியில் இருக்கிறது. குறுக்குப் பட்டை, ரீப்பர், நடுத்தாங்கி, நடுக்கால் ஆகியவற்றின் கூட்டுத்தொகை 2.07 கன அடி. மொத்த மரத்தில் நாற்பது சதவீதம், யாரும் பார்க்காத இடம். இதை வேம்பில் போடலாம். உங்கள் ஊரில் காய்ந்த வேம்பு கன அடி 1,400 என்று வைத்தால், சேதாரம் சேர்த்து 2.35 × 1,400 = 3,290. தேக்கு 3.4 × 3,600 = 12,240. இரண்டும் 15,530. முழுத் தேக்கின் 20,700 உடன் ஒப்பிட்டால் ஐயாயிரத்துக்கு மேல் மிச்சம். மாமரமும் போடுகிறார்கள். மலிவுதான், ஆனால் பூச்சி மருந்து அடிக்காத மாம்பட்டையில் ஒன்றிரண்டு வருடத்தில் கட்டிலுக்கு அடியில் மாவு கொட்டத் தொடங்கும்.

பட்டைக்குப் பதிலாகப் பிளைவுட் போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் 8 × 4 ஷீட் ஒன்று போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஷீட் 32 சதுர அடி, கட்டிலின் உள்பரப்பு அதைவிட முக்கால் சதுர அடிக்குமேல் அதிகம், அதோடு 4 அடி அகல ஷீட்டில் 5 அடி அகலம் மூடாது. 7 × 3 ஷீட் இரண்டு வாங்கி நடுத்தாங்கியின் மேல் இணைப்பு வருமாறு வெட்டினால் சரியாக உட்காரும். காற்று போக ஓட்டை போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கும்.

மரம் எடுக்கும்போது டேப்பை நீங்களே பிடியுங்கள். 1½ என்று பில் போட்ட பலகை 1¼ தான் இருக்கிறது என்றால், ஆறில் ஒரு பங்குப் பணம் இல்லாத மரத்துக்குப் போகிறது. நீளத்தில் ஓரிரு அங்குலம் குறைந்தால் வேலை நின்றுவிடும் என்பதால் எல்லோரும் நீளத்தைப் பார்ப்பார்கள். கனத்தைத்தான் பார்க்க மாட்டார்கள், ஏமாற்று அங்கேதான். முனையில் மட்டும் அளக்காமல் நடுவிலும் அளங்கள். மில் வாள் சாய்ந்திருந்தால் ஒரு முனை 1½, மறுமுனை 1¼ என்று இருக்கும். இழைத்துச் சமப்படுத்தும்போது முழுவதும் குறைந்த பக்கத்துக்குத்தான் இறங்கும்.

ஈரமும் கணக்கில் வருவதுதான். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகச் சுருங்கும், ஆனால் சுருங்காமல் இருக்காது. பச்சையாக வாங்கினால் கழுந்து துளைக்குள் சுருங்கி, ஆறு மாதத்தில் கட்டில் கிறீச்சிடத் தொடங்கும். ஒரே அளவுள்ள இரண்டு பலகையைத் தூக்கிப் பார்த்தால் ஈரமானது கனமாகவும், தொட்டால் குளிர்ச்சியாகவும் இருக்கும். கடையில் ஈரம் பார்க்கும் மீட்டர் இருந்தால் 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் காட்டுவதை எடுங்கள். காலுக்கான 3 × 3 இல் இன்னொன்று: வெட்டுமுனையில் வருட வளையங்களின் மையப்புள்ளி அந்தக் காலுக்குள்ளேயே விழுந்திருந்தால் வேண்டாம். அது காயக் காய நீளவாக்கில் வெடிக்கும், பட்டி வைத்து மறைத்தாலும் மறுபடி திறக்கும்.

இனி கூலி. கன அடி பாதியாகக் குறைந்துவிட்டது, கூலியையும் பாதியாக்குங்கள் என்று கேட்காதீர்கள். சிலர் கூலியையும் கன அடிக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள். உங்கள் கணக்கில் அது கன அடிக்கு 1,600 ஆகிறது. அப்படிப் பேசினால் மரக்கணக்கு ஏறுவதில்தான் ஆசாரிக்கு லாபம், குறைத்துச் சொல்ல அவருக்குக் காரணமே இல்லை. கட்டில் வேலையின் அளவு கன அடியில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. இந்தக் கட்டிலில் தலைமாட்டுச் சட்டம் இரண்டுக்கு நான்கு, நிற்கும் பட்டை ஏழுக்குப் பதினான்கு, கால்மாட்டுக்கு நான்கு, ஆக 22 துளை, 22 கழுந்து. அதோடு பக்கச் சட்டத்துக்கு நான்கு போல்ட் இணைப்பு. தலைமாட்டில் பட்டையை எடுத்துவிட்டு முழுப் பலகை போட்டால் மரம் கூடும், கூலி குறையும். நேர்மாறாக, ஒல்லிப் பட்டையாகப் பத்துப் பன்னிரண்டு நிறுத்தச் சொன்னால் மரம் அதிகம் ஏறாது, ஆனால் நாள் ஏறும்.

நாள் கணக்கில் சரிபார்க்கலாம். மரத்தை மெஷினில் இழைத்துக் கொடுத்தால், ஓர் ஆசாரிக்கு அளவு குறித்து அறுத்து, துளை போட்டு, கூட்டி, உப்புத்தாள் தேய்த்து முடிக்க ஏழு நாள் சுமார். உதவியாள் ஐந்து நாள். பாலிஷ்காரர் இரண்டு நாள். ஆசாரிக்கு நாளுக்கு 1,200, உதவியாளுக்கு 800, பாலிஷ்காரருக்கு 1,100 என்று எடுத்தால் 8,400 + 4,000 + 2,200 = 14,600. மெஷின் இழைப்புக்கு 800 சேர்த்தால் 15,400. உங்கள் ஊர்க் கூலியை இதில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் 16,000 நியாயமான தொகை, பாலிஷ் கூலியும் அதற்குள் என்றால். பாலிஷ் தனி என்றால் இரண்டாயிரம் சுமார் அதிகம். பூ வேலை, கடைசல் கால் கேட்டால் அது தனிக் கணக்கு, கடைசல்காரரிடம் காலுக்கு இவ்வளவு என்று போகும்.

கட்டில் போல்ட், ஃபெவிகால், ஸ்க்ரூ, உப்புத்தாள், சீலர், பாலிஷ் இவற்றுக்கு 3,500 ஒதுக்குங்கள். ஆக முழுத் தேக்கில் 20,700 + 16,000 + 3,500 = 40,200. அடியில் வேம்பு போட்டால் 35,030 சுமார். மரத்துக்கான ஜிஎஸ்டி 3,600 க்குள் இருக்கிறதா, தனியா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள், பில் போடும்போது கேட்டால் தாமதம். 52,000 உடன் இருக்கிற வித்தியாசம் முழுவதும் அந்தப் பத்து கன அடியில்தான் இருக்கிறது.

செய்து முடித்த கட்டிலையும் அளக்கலாம். தயாராக இருக்கிற ஒன்றை வாங்கும்போதும் இதே வழிதான். ஒவ்வொரு துண்டின் அகலத்தோடும் கனத்தோடும் இழைப்புக்குக் கால் அங்குலம், கழுந்து உள்ள முனை ஒவ்வொன்றுக்கும் நீளத்தில் ஓர் அங்குலமோ ஒன்றரையோ சேர்த்துப் பெருக்குங்கள். வருகிற கன அடியோடு பத்துப் பதினைந்து சதவீதம் கூட்டினால் அதற்கு வாங்கிய மரம். விற்கிறவர் சொல்வது அதைவிட ஒரு கன அடி கூட இருந்தால் விட்டுவிடலாம், மூன்று நான்கு கூட இருந்தால் எந்தக் கணக்கு என்று கேளுங்கள்.

ஆசாரியிடம் பேசும்போது மேலே உள்ள மாதிரி ஒரு துண்டுப் பட்டியலை அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல ஆசாரி இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், மரம் அறுக்க மில்லுக்குப் போவதற்கு அவருக்கே அந்தப் பட்டியல் வேண்டும். மிச்சத் துண்டு யாருக்கு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். அரை கன அடிக்குமேல் மிஞ்சினால் தேக்கில் அது இரண்டாயிரம் ரூபாய் மரம், ஒரு முக்காலிக்கு ஆகும். பக்கச் சட்டம் இரண்டையும் காலோடு பசை போட்டு ஒட்டிவிடாமல் போல்ட்டில் நிறுத்தச் சொல்ல மறக்காதீர்கள். கட்டிலின் வெளி அகலம் 5 அடியைத் தாண்டி வருகிறது, வாசல்கதவு அகலம் 3 அல்லது 3½ அடிதான்.